இருபதில் நின்ற கோடு

ராஜபாளையத்தில் எங்கள் மில்லுக்குப் பக்கத்துத் தெருவில்தான் கண் முகாம். நான் அங்கே கணினி பார்க்கிறவன். சர்க்கரை உள்ளவர்களின் விழித்திரையைக் கேமரா படம் பிடிக்கும். பாதிப்பு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மென்பொருள் நூற்றுக்கு ஒரு எண் சொல்லும். அந்த எண் நாங்கள் வகுத்த கோட்டுக்கு மேலே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு. கீழே இருந்தால் அடுத்த வருஷம் வாங்க.

கோடு முதலில் ஐம்பதில் இருந்தது. அந்த ஆஸ்பத்திரி டாக்டர் மேடம் முன்பே பார்த்து முடிவு சொன்ன பழைய படங்களை ஓட்டிப் பார்த்தோம். நிஜமாகவே பாதிப்புள்ள சிலர் முப்பதிலும் நாற்பதிலும் கிடந்தார்கள்.

"ஒருத்தரை விடாம இருக்க நாலு பேரை வீணாக் கூப்பிட்டாலும் சரிதான்," என்றார் மேடம். "வீணா வந்தவங்களுக்கு ஒரு நாள் போகும். விட்டுப்போனவங்களுக்குக் கண்ணு போகும்."

ஐந்து பேரில் ஒருவர், அதாவது நூற்றுக்கு இருபது. அந்தக் கணக்குக்குக் கோடு இருபதில் வந்து நின்றது.

அம்மா மில்லில் நூல் ஓட்டுகிறவள். அவளுக்கும் சர்க்கரை உண்டு. படம் எடுத்ததில் இருபத்தேழு வந்தது. சீட்டைக் கையில் திணித்தேன். போகவில்லை.

"ஏலே, எதுத்த வீட்டுக்காரி போனாள்ல? கண்ணுல சொட்டு மருந்து ஊத்திட்டாவ. பொழுதடையிற வரைக்கும் எல்லாம் மங்கல். கடைசில ஒண்ணுமில்ல போன்னுட்டாவ. அந்தக் கண்ணோட அறுந்த நூலை எப்படிப் பிடிப்பா? ஷிப்டே போச்சு."

"நாலு பேரு வீணாப் போனாத்தாம்மா ஒருத்தர் தப்பாம..."

"அந்த நாலும் எங்க மில்லுக்காரிதானா? நல்லாப் படிச்ச போ!"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருத்தன்தான்.

மறுநாள் போனில் மேடத்திடம், கோட்டை நாற்பதுக்கு ஏற்றிவிடலாம், வீண் சீட்டு குறைந்தால் நம்பி வருவார்கள் என்றேன்.

"கூப்பிட்டும் வராதவங்க விட்டுப்போனவங்கதான், அது நெஜம். ஆனா நாப்பதுல வச்சா உங்கம்மாவக் கூப்பிடவே மாட்டோம். பரவால்லையா?"

நான் திரையில் அம்மாவின் படத்தைத் திறந்தேன்.

"கோடு இருபதுலயே இருக்கட்டும்," என்றார். "வீணா வாறவங்களுக்கு ஷிப்டு போகாமப் பாப்போம்."

மில் வாரவிடுமுறையன்று மேடமே முகாமுக்கு வந்தார். சீட்டு வாங்கிய எல்லோரையும் மறுபடி அழைத்தோம். அம்மா முனகிக்கொண்டேதான் வந்தாள். மருந்து ஊற்றியதும் கண்ணை மூடிக்கொண்டு, என் சட்டையைப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தேழு என்பது எனக்கு வெறும் எண்ணாகவே இல்லை.

மேடம் நிதானமாகப் பார்த்தார். "ஒண்ணுமில்லம்மா. அடுத்த வருஷம் கண்டிப்பா வாங்க."

"அப்பவே சொன்னேன்லா," என்றாள் அம்மா. குரலில் கோபமே இல்லை.

வெளியே வெயில் கூச, என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். வாசலில் உள்ளே வரத் தயங்கிய பெண்கள் பக்கம் முகத்தைத் திருப்பி, "ஏட்டி, வாங்க, செத்த நேரந்தான்! நாளைக்கு வேலைக்குப் போயிரலாம்," என்றாள்.