‘வீ வில் சீ’ என்று எழுதித் தொலைத்தேன்

செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் உட்கார்ந்துகொண்டு, கடல் தாண்டி இருக்கும் மனிதர்களின் வீடியோக்களுக்குத் தமிழ் வசன வரி எழுதிக் கொடுக்கிறேன். மேலே ஒருத்தர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருப்பார், கீழே தமிழ் ஓடும் பாருங்கள், அதுதான் என் பிழைப்பு. இதற்கு இணையத்தில் ஒரு சந்தை இருக்கிறது. வேலை கொடுப்பவர் அறிவிப்பு போடுவார். நாங்கள் காசு கொடுத்து டோக்கன் வாங்கி, அந்த டோக்கனைச் செலவழித்து விண்ணப்பிப்போம். வேலை கேட்பதற்கே நுழைவுக் கட்டணம் வாங்கும் ஒரே சந்தை அதுவாகத்தான் இருக்கும். அதில் ஏழு வருடமாக முட்டிக்கொண்டிருக்கிறேன் என்றால் என் புத்தியை நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

ஏழு வருடத்தில் ஆளை எடை போட மட்டும் கற்றுக்கொண்டேன். அறிவிப்பில் அவர்கள் எழுதியிருக்கும் கதையைப் படிக்கவே மாட்டேன். நேராக ஓரத்துக்குப் போவேன். பணம் கட்டும் வழி சரிபார்க்கப்பட்டிருக்கிறதா? இதுவரை மொத்தம் எவ்வளவு செலவு செய்திருக்கிறார்? எத்தனை அறிவிப்பு போட்டு எத்தனை பேரை வேலைக்கு எடுத்திருக்கிறார்? முப்பது அறிவிப்பு போட்டு இரண்டு பேரை எடுத்தவர், ஜவுளிக்கடையில் எல்லாப் புடவையையும் பிரித்துப் போட்டுவிட்டு ஒரு கைக்குட்டையோடு போகிறவர். அப்புறம் பழைய வேலையாட்கள் எழுதிய விமர்சனங்கள். எங்கள் ஆட்கள் மரியாதையாகத்தான் எழுதுவார்கள், திட்டினால் அடுத்து வேலை கொடுப்பவர் பயப்படுவார் என்று. ‘தகவல் பரிமாற்றம் இன்னும் மேம்படலாம்’ என்று எழுதியிருந்தால், மனுஷன் ஆளே காணாமல் போய்விட்டான் என்று பொருள்.

சொற்களிலும் துர்நாற்றம் உண்டு. ‘எளிமையான வேலைதான்’ என்பவருக்கு வேலை தெரியாது. ‘இது முதல்படி, பின்னால் நிறைய வரும்’ என்பவர் முதல்படிக்கே காசு தரமாட்டார். ‘முதலியன’ என்று முடிகிற வேலை விவரத்தைப் பார்த்தால் ஓடிவிட வேண்டும். அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு லாரி வேலையை ஏற்றலாம். இன்னொரு ஜாதி, இலவச மாதிரி கேட்கிறவர்கள். ‘ஐந்து நிமிட வீடியோவுக்குச் சும்மா எழுதிக் காட்டு’ என்றார் ஒருவர். பெருமையாக எழுதிக் கொடுத்தேன். பிறகு தெரிந்தது, பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு வெவ்வேறு ஐந்து நிமிடங்களைக் கொடுத்து, ஒரு மணி நேரப் படத்தை ஒரு காசு செலவில்லாமல் முடித்துவிட்டார் அந்தப் புண்ணியவான். மேதை. வாழ்க.

இவ்வளவு தெரிந்த நான்தான் போன மாரிக்காலத்தில் போய் விழுந்தேன்.

இரண்டு நிரந்தர வாடிக்கையாளர்கள் ஒரே மாதத்தில் கழன்றுகொண்டார்கள். ஒருவர், இனி மெஷினே தமிழ் எழுதிவிடும் என்றார். இன்னொருவர் எதுவுமே சொல்லவில்லை. இதற்காகவே காத்திருந்ததுபோல் என் மைத்துனன் வந்தான். திண்டிவனம் ரோட்டில் அவனுக்கு ஹாலோ பிளாக் யார்டு இருக்கிறது. ‘மாமா, மேற்பார்வைக்கு ஆள் வேணும். வெளியாள வச்சா சிமெண்ட் மூட்டை நடந்து போய்டுது. ஒண்ணாம் தேதிலர்ந்து வந்துடுங்களேன்’ என்றான். பாசமாகத்தான் சொன்னான். இந்த மாதம் கைக்குக் காசு வந்தால் மாடி அறையில் இருப்பது, வராவிட்டால் ஒண்ணாம் தேதி யார்டுக்குப் போவது என்று என் மனைவி முன்னால் ஒப்புக்கொண்டேன். சிமெண்ட் தூசிக்குள் நின்று கல் எண்ணும் என்னை நானே கற்பனை செய்து, பகல் பதினோரு மணிக்கு மின்விசிறிக்கு அடியில் வியர்த்தேன். நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் புதுப்பித்தேன். வைஃபையைத் திட்டினேன். ஒரு பாக்கெட் வேர்க்கடலையைத் தின்றுவிட்டு, நெஞ்சு எரிகிறது, இது மாரடைப்புத்தான் என்று முடிவு செய்து, மாத்திரைக் கடைக்குப் போய் ஜெலுசில் வாங்கிக் குடித்தேன்.

அப்போதுதான் அந்த அறிவிப்பு. குளிர்நாட்டுக்காரர் ஒருவர், தொழிற்சாலைப் பாதுகாப்புப் பாட வீடியோக்கள் பன்னிரண்டுக்குத் தமிழ் வரி வேண்டுமாம். ஓரத்தைப் பார்த்தேன். பதினொரு அறிவிப்பு, எடுத்தது ஒருவரை. மொத்தச் செலவு ஒரு வேளை பிரியாணிக்குக் காணாது. வேலை விவரம் எப்படி முடிந்தது? ‘வசன வரிகள் முதலியன.’ சகல லட்சணமும் பொருந்திய ஜாதகம். வேறு எவனாவது இதற்கு விண்ணப்பித்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பேன். பத்து டோக்கன் கொடுத்து விண்ணப்பித்தேன்.

ஒரு புத்திசாலித்தனம் மட்டும் செய்தேன். ஒப்பந்தத்தில் முதல் தவணை என்று நான்கு வீடியோக்களை மட்டும் பிரித்து, ‘தமிழ் வசன வரிக் கோப்பு, நேரக் குறிப்போடு, திருத்தம் ஒருமுறை’ என்று எழுதவைத்தேன். அந்தத் தவணைக்கான பணத்தை அவர் தளத்தில் முன்பே கட்டிவைத்த பிறகுதான் முதல் வரியைத் தட்டினேன். அந்தப் பணம் அவர் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. தளம் நடுவில் வைத்திருக்கும். நான் வேலையைச் சமர்ப்பித்ததும் அவர் விடுவிக்க வேண்டும். பதினான்கு நாள் அவர் வாயே திறக்காவிட்டால் தானாகவே எனக்கு வந்துவிடும். அவர் திருத்தம் கேட்டுவிட்டால் அந்தக் கணக்கு நின்றுபோகும்.

நான்கையும் ஆறு நாளில் முடித்துச் சமர்ப்பித்தேன். ஒண்ணாம் தேதிக்கு மூன்று வாரம் இருந்தது. கீழே பாத்திரக் கடைக்காரரிடம் டீ குடித்தபோது என் மார்பு கொஞ்சம் விரிந்திருந்ததாக அவரே சொன்னார்.

மறுநாள் செய்தி வந்தது. அருமையான வேலையாம். கூடவே, ஒவ்வொரு வீடியோவுக்கும் முகப்புப் படம் ஒன்று தமிழ் எழுத்தோடு செய்ய முடியுமா? அடுத்த எட்டு வீடியோக்களையும் இப்போதே தொடங்கிவிட முடியுமா? பணத்தைப் பிறகு கட்டுகிறாராம், கணக்கு பார்க்கிறவர் விடுமுறையில் இருக்கிறாராம். எங்கள் தொழிலில் கணக்கு பார்க்கிறவர்கள் எப்போதும் விடுமுறையில்தான் இருப்பார்கள்.

முடியாது என்று எழுத வேண்டிய இடம். நான் என்ன எழுதினேன்? ‘ஷ்யூர் சார். வீ வில் சீ.’

இதில் என் தப்பு என்ன என்று அன்று எனக்கு விளங்கவே இல்லை. எங்கள் ஊரில் ‘பாக்கலாம்’ என்றால் நடக்காது. கீழே கடையில் தினமும் கேட்கிறேன். ‘அண்ணே, குக்கர் எடுத்துனு போறேன், துட்ட அடுத்த மாசம் தரட்டா?’ என்பார் ஒருவர். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, ‘ஆங், பாக்கலாம்பா’ என்பார். வந்தவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். குக்கர் ஷெல்ஃபை விட்டு அசைந்திருக்காது. இரண்டு பேருக்கும் மனத்தாங்கல் கிடையாது. அந்தப் பண்பாட்டை அப்படியே ஆங்கிலத்தில் பார்சல் கட்டி அனுப்பிவைத்தேன்.

குளிர்நாட்டுக்காரர் பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்தது ‘சரி’ மட்டும்தான்.

பன்னிரண்டு நாள் சத்தமே இல்லை. பதின்மூன்றாம் நாள் திருத்தக் கோரிக்கை வந்து விழுந்தது. ‘ஒப்புக்கொண்ட முகப்புப் படங்கள் இல்லை. அடுத்த எட்டும் வரவில்லை. வேலை முழுமையடையவில்லை. பாதித் தொகைக்கு முடித்துக்கொள்ளலாமா?’ பதினான்கு நாள் கணக்கு நின்றுபோனது. ஒண்ணாம் தேதிக்கு ஒரு வாரம்.

நான் என்ன செய்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. முகப்புப் படம் செய்வது எப்படி என்று ஒரு வீடியோ போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். நான்கையும் செய்து கொடுத்துவிட்டால் ஆள் குளிர்ந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். ஹெல்மெட் போட்ட ஒரு மனிதனை வரைந்தேன். மேலே சட்டி கவிழ்த்துவைத்த பூசணிக்காய் மாதிரி வந்தது.

சாயங்காலம் என் மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துகிறாள். பூசணிக்காயைப் பார்த்தாள்.

‘இன்னாங்க இது?’

‘ஹெல்மெட்.’

‘யாருக்கு?’

சொன்னேன். செய்திகளை வாங்கிப் படித்தாள். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தவள், திரையில் கோடு போட முடியாது என்று நினைவு வந்து மூடிவைத்தாள்.

‘ஷ்யூர்னு எழுதியிருக்கீங்க.’

‘மரியாதைக்கு.’

‘வீ வில் சீன்னா?’

‘பாக்கலாம். அதாவது, முடியாதுன்னு.’

‘அந்தாளு செஞ்சியிலயா பொறந்தாரு? எட்டாங்கிளாஸ் பசங்க இப்டி எழுதுனா முட்டி போட வச்சிருப்பேன்.’

‘சண்ட வந்து தளத்துக்காரங்க மத்தியஸ்தத்துக்குப் போனா செய்தியெல்லாம் படிப்பாங்களே. இதயும் படிப்பாங்களே.’

‘ஒப்பந்தத்தயும் படிப்பாங்கல்ல? அதுல ஹெல்மெட்டு இருக்குதா?’

இல்லை. ஒப்பந்தத்தில் நான்கு வீடியோ, வசன வரி, ஒரு திருத்தம். அவ்வளவுதான். நானே பிடிவாதம் பிடித்து எழுதவைத்தது. பயத்தில் நானே அதைத் திறந்து பார்க்கவில்லை.

‘படம் வரஞ்சு அனுப்புனீங்கன்னா, அது ஒப்பந்தத்துல இருந்துச்சுன்னு நீங்களே ஒத்துக்கின மாதிரி. அழிங்க அத’ என்றாள்.

பூசணிக்காயை அழித்தேன். பதிலை நான் சொல்லச் சொல்ல அவள் வெட்டினாள். ‘மன்னிக்கவும்’ போனது. ‘தாழ்மையுடன்’ போனது. ‘தங்கள் மேலான’ என்று ஆரம்பித்ததை முடிக்கவே விடவில்லை. கடைசியில் மிஞ்சியது இதுதான்: ஒப்பந்தப்படி நான்கு கோப்புகள் இன்ன தேதியில் கொடுத்தாகிவிட்டது. முகப்புப் படம் அதில் இல்லை. என் முந்தைய செய்தி தெளிவாக இல்லை; நான் சொல்ல நினைத்தது, முடியாது என்பது. மீதி எட்டு, பணம் கட்டிய பிறகு. பாதித் தொகை சம்மதமில்லை. அதே கோப்புகளை மறுபடியும் சமர்ப்பித்து அனுப்பு பொத்தானை அழுத்தினேன். அழுத்தும்போது கண்ணை மூடிக்கொண்டேன். விரல் தவறியிருந்தால் ‘ஷ்யூர் சார்’ என்று அதுவே போயிருக்கும், பழக்க தோஷம்.

மத்தியஸ்தம், மேல்முறையீடு, என் கணக்கையே முடக்குவது என்று மூன்று நாள் மனதுக்குள் ஒரு கோர்ட்டே நடத்தினேன். எல்லா வாய்தாவிலும் எனக்குத் தோல்வி. மைத்துனனுக்குப் போன் செய்து, யார்டில் ஷூ அவர்கள் தருவார்களா, நாம் வாங்க வேண்டுமா என்று கேட்டுவைத்தேன்.

நான்காம் நாள் காலை, இட்லி வாயில் இருக்கும்போது, முழுத் தொகையையும் அவர் விடுவித்ததாக அறிவிப்பு வந்தது. ஒரு வார்த்தை விளக்கமில்லை. எனக்கு நடுக்கம் வரவழைத்த அந்த மனிதர், ‘முடியாது’ என்று ஒருத்தர் சொல்லும் வரைக்கும் சும்மா இழுத்துப் பார்த்திருக்கிறார். இதற்காகவா இரண்டு பாட்டில் ஜெலுசில்? தளம் தன் பங்கைக் கழித்துக்கொண்டது, சில நாள் நிறுத்தியும் வைத்தது. முப்பதாம் தேதி வங்கிக்கு வந்தது. மைத்துனனிடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். ‘ஷூ சைஸு வரைக்கும் கேட்டீங்களே மாமா’ என்றான்.

ஒப்பந்தத்தை முடித்துவிட்டுப் போகும்போது அந்த மனிதர் எனக்கு மூன்று நட்சத்திரம் போட்டு ஒரு வரி எழுதினார்: ‘வேலை நன்று. ஆள் கஷ்டமானவர்.’ ஏழு வருடம் ஐந்தாக வளர்த்த நட்சத்திரம், இனி வருகிறவன் எல்லாம் இதைத்தான் முதலில் படிப்பான் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

என் மனைவி அந்த வரியை இரண்டு முறை படித்தாள். அப்புறம் தன் போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டாள்.

‘எதுக்கு?’ என்றேன்.

‘எங்கம்மாவுக்கு அனுப்பறேன். இருவது வருசமா நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. இப்ப வெளிநாட்டுக்காரனே சொல்லிட்டான்.’