தோள் அளவு

அவளுடைய தையல் அறை அலமாரியில் ஒரு தட்டு உண்டு. தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் துணிகள் அதில் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, சீட்டில் அளவு. மூன்று மாதம் பார்த்துவிட்டு யாருக்காவது கொடுத்துவிடுவதுதான் தொழில் வழக்கம். அவள் கொடுக்க மாட்டாள். "நாளைக்கே வந்து நிப்பாங்கடி, நீ வேணா பாரு" என்பாள் தங்கையிடம். நாலு வருஷமாக ஒரு பச்சைப் பாவாடை அங்கே நாளைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

வயது நாற்பத்தைந்து. கணவன் இறந்து பத்து வருஷம். வீட்டு மாடியில் தங்கை, மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள்; கீழே இவளும் தையல் மெஷினும். ஒருநாள் இணையத்தில் ஒரு செடி வளர்ப்புக் குழுவில், வாடிப்போன ரோஜாத் தொட்டியைப் படம் எடுத்துப் போட்டு, என்ன செய்வது என்று கேட்டாள். ஒருவர் பதில் எழுதினார். எட்டு மாதத்தில் ரோஜா செத்துப்போயிற்று, பேச்சு மட்டும் நிற்கவில்லை. பம்பு செய்யும் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். மனைவி இறந்து ஆறு வருஷம் என்றார். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறேன் என்றார். நேரில் சந்திக்கலாமா என்று அவர் கேட்ட அன்று அவள் ஒரு பேண்ட்டின் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டாள்.

தங்கை விடவில்லை.

"மருந்துச்சீட்டையே மூணு தடவை பாத்துட்டுத்தான் மாத்திரை எடுப்பேன். ஒரு ஆம்பளையைப் பாக்காம எடுத்துக்கச் சொல்றியா?"

"எடுத்துக்கச் சொல்லலடி. காபி குடிக்கப் போறேன்."

"காபியில ஆரம்பிச்சுதான் எல்லாம்."

தங்கை அவருடைய படத்தை இணையத்தில் போட்டுத் தேடினாள். அந்த முகம் வேறு யார் பெயரிலும் வரவில்லை. அவர் கொடுத்த எண்ணை விட்டுவிட்டு, கம்பெனியின் எண்ணைத் தானே தேடி எடுத்துப் பேசினாள். ஸ்டோருக்கு இணைப்புக் கொடுத்தார்கள், அவரே எடுத்தார். "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டாள். பிறகு வீடியோவில் வரச் சொல்லி, வலது கையால் இடது காதைத் தொடச் சொன்னார்கள். வேறு யாருடைய முகத்தையாவது ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் அப்படிக் கையைக் குறுக்கே கொண்டுபோகும்போது படம் கலையக்கூடும் என்று தங்கை எங்கோ படித்திருந்தாள். அவர் தொட்டுக்கொண்டே, "ஒத்தக்கால்ல நிக்கணுமா?" என்று கேட்டார். அக்கா சிரித்த சிரிப்பில் போன் கைநழுவி மெஷின் மேல் விழுந்தது.

"ஒண்ணு பாக்கி இருக்கு" என்றாள் தங்கை. "எப்பவும் மதியச் சாப்பாட்டு நேரத்துல, ஸ்டோர்லேர்ந்துதான் வீடியோவுல வராரு. ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்கு வீட்ல இருக்கும்போது போடு. சொல்லாம போடு."

"அவங்க வீட்ல சிக்னல் கிடையாதாம்."

"மெசேஜ் மட்டும் வருது?"

"சும்மா நோண்டாதே. முகம் சரி, பேர் சரி, வேலை சரி. எல்லாத்தையும் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தா துணி மிஞ்சாது."

தங்கை அதை அப்போதைக்கு விட்டாள். அக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது.

அந்த வாரம்தான் அவள் அவருக்கு ஒரு சட்டை தைக்க நினைத்தாள். பழைய சட்டை ஒன்றை அளந்து அனுப்பச் சொன்னாள். மறுநாள் அளவு வந்தது. கழுத்து பதினைந்தரை, மார்பு முப்பத்தெட்டரை, தோள் பதினேழே கால். சட்டையின் அளவல்ல, உடம்பின் அளவு என்று எண்ணைப் பார்த்ததுமே தெரிந்தது. கேட்டாள்.

"எனக்கு யாரு இருக்கா? டேப்பை வெச்சு நானே உடம்புல அளந்துட்டேன்" என்று எழுதியிருந்தார்.

அந்த வரியை அவள் பலமுறை படித்தாள். தனி அறையில் டேப்போடு மல்லுக்கட்டும் ஒரு ஆளை நினைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷமாக அளவெடுக்கிறவள், அந்த ஆளின் கைகள் எங்கே இருந்திருக்கும் என்று மட்டும் நினைக்கவில்லை. வெளிர்நீலத் துணி வாங்கினாள். காலரை மெஷினில் ஓட்டாமல் கையாலேயே தைத்தாள்.

சந்திப்பு ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, பேருந்து நிலையத்தை ஒட்டிய உணவகத்தில். இடத்தைத் தேர்ந்தெடுத்தது தங்கை. எந்நேரமும் கூட்டம் இருக்கும், திரும்பி வர அங்கிருந்தே பஸ் உண்டு. அவர் வண்டியில் ஏறக் கூடாது, மேசையில் வைத்துவிட்டுப் போன காபியைத் திரும்பக் குடிக்கக் கூடாது. தான் இருக்கும் இடம் தங்கையின் போனில் தெரியும்படி போட்டுக்கொண்டாள். அது போதாதென்று தங்கையே இரண்டு மேசை தள்ளி ஒரு செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

படத்தில் இருந்த அதே ஆள்தான் வந்தார். கொஞ்சம் நரை கூட, அவ்வளவுதான். அவரும் தடுமாறினார்.

"ரோஜா எப்படி இருக்கு?"

"போய்ச் சேந்துடுச்சு. நீங்கதானே தண்ணி ஊத்தச் சொன்னீங்க."

"அவ்ளோ ஊத்தச் சொல்லலையே."

அரைமணி நேரம் நன்றாகவே போயிற்று. காது தொட்ட கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். கல்யாணத்துக்குக் கேட்டால் சரி என்று சொல்லிவிடுவது என்று அவள் வரும்போதே முடிவு செய்திருந்தாள். பையிலிருந்து சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவர் கைகழுவும் பக்கம் போய் அதைப் போட்டுக்கொண்டு வந்தார்.

பழக்கம் விடவில்லை. எழுந்து பின்னால் போய் நின்றாள். தையல் இந்தப் பக்கமும் இறங்கவில்லை, அந்தப் பக்கமும் ஏறவில்லை. இரண்டு தோள் எலும்பின் நுனியிலும் நூல் பிடித்தது போல உட்கார்ந்திருந்தது. ஒரு கால் அங்குலம் தப்பவில்லை. முதலில் பெருமையாக இருந்தது.

பிறகு தையலை நீவிய கை அப்படியே நின்றுவிட்டது.

மார்பை ஒருவன் தானே அளக்கலாம். கழுத்தை அளக்கலாம். முதுகுக்குப் பின்னால், தோள் நுனியிலிருந்து தோள் நுனிவரை டேப்பைப் பிடிக்க இரண்டு கை போதாது. கையைத் தூக்கினாலே தோள் மாறிவிடும். பின்னால் ஒருவர் நிற்க வேண்டும்.

அவள் வந்து உட்கார்ந்தாள்.

"தோள் அளவு யாரு எடுத்தது?"

"நானேதான். சொன்னேனே."

"அது முடியாதுங்க."

அவர் காபிக் கோப்பையைப் பார்த்தார். கடைக்காரர் என்றோ பக்கத்து வீடு என்றோ ஏதாவது சொல்லிவிடுவார் என்று அவள் காத்திருந்தாள். சொன்னால் நம்பிவிடவும் தயாராக இருந்தாள்.

"கம்பெனியில யூனிஃபார்ம் தராங்கன்னு வீட்ல சொன்னேன்" என்றார் கடைசியில். "அவதான் எடுத்துக் குறிச்சுக் குடுத்தா."

"ஆறு வருஷம்னீங்களே."

"வீட்ல பேச்சுவார்த்தை நின்னு ஆறு வருஷம்."

"பேச்சு இல்லாதவங்க இவ்ளோ சரியா அளவெடுக்க மாட்டாங்க."

அவர் ஏதோ தொடங்கினார். தனிமை என்ற சொல் வந்தது. அது பொய்யாகவும் இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது, அதுதான் வலித்தது. கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சட்டையைக் கழட்டிக் குடுத்துடுங்க. கையால தெச்ச காலர். டேப் பிடிக்கத் தெரிஞ்சவங்க பாத்தா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவாங்க. அவங்களுக்கு இது வேண்டாம்."

அவர் மாற்றிக்கொண்டு வந்து, சட்டையை மடித்து மேசையில் வைத்துவிட்டு, தலை நிமிராமல் போனார். தங்கை எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்னாச்சுக்கா?"

"முகம் சரி, பேர் சரி, வேலை சரி."

தங்கை எட்டு மணி வீடியோவைப் பற்றி வாயே திறக்கவில்லை. அக்காவின் கோப்பையை மட்டும் ஓரமாகத் தள்ளி வைத்து, "புதுசா ஒண்ணு சொல்றேன், இது ஆறிடுச்சு" என்றாள்.

வீட்டுக்கு வந்து அவள் அவருடைய எண்ணைப் போனிலிருந்து அழித்துவிட்டாள். சட்டையைப் பிரித்துவிடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்து, காலர் வரை போய், திரும்ப வைத்தாள். ஒரு சீட்டில் அளவை எழுதிக் குத்தி, தட்டில் பச்சைப் பாவாடைக்கு மேல் வைத்தாள்.

சில மாதம் கழித்துத் தங்கை அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இதையாவது யாருக்காவது குடுத்துடேன்கா. நல்ல துணி."

"வர்றவங்க யாருக்கும் தோள் சேரலடி" என்றாள், தலையை நிமிர்த்தாமல், மெஷினை மிதித்துக்கொண்டே.