சாதிக் அலி சார் சொன்ன ஊறல்

வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பு முடிந்து வந்தபோது, சாதிக் அலி சார் மாரடைப்பில் தவறிவிட்டார் என்று அலுவலக உதவியாளர் சொன்னார். முந்தைய நாள்கூட டீயில் சர்க்கரை போதவில்லை என்று கேன்டீன்காரரிடம் வம்பிழுத்துவிட்டுப் போன மனிதர்.

திண்டுக்கல்லில் எங்கள் கல்லூரியின் சமூகவியல் துறையில் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் வடமதுரைப் பக்கம் பூ விவசாயம் செய்த வீட்டுப் பெண். அவரோ தோல் பதனிடும் தொழிலாளர் குடும்பம். அண்ணன் ஹனீபா தோல் தொட்டியில் நின்று உழைத்துத் தம்பியைப் படிக்க வைத்தார். "நாம ரெண்டு பேருமே இந்த மேசைக்கு வழி தப்பி வந்தவங்க, மேடம்" என்பார் சார்.

பிரெஞ்சு அறிஞர் ஒருவர் 'ஹேபிட்டஸ்' என்று சொன்னதற்கு அவர் வைத்த பெயர் ஊறல். பதனிடும் தொட்டியில் மரப்பட்டைத் தண்ணீரில் தோல் ஊறுவதுபோல, வளர்கிற வீடும் பள்ளியும் நமக்குள் ஊறிவிடுகின்றன. பிறகு எது ருசி, எது அசிங்கம் என்பதை யோசிக்கும் முன்பே உடம்பு முடிவு செய்துவிடுகிறது என்பார். தொட்டியில் நின்று உழைத்தவர்களுக்கு வயிறு நிறையும் கொழுப்புக் கறிதான் சாப்பாடு. வசதி வந்த பிறகும் நாக்கு அதையேதான் கேட்கும். பாட்டும் அப்படித்தான். அவர்கள் வீட்டில் கல்யாண ஊர்வலத்துக்கு தப்ஸ் மேளம் அடித்துப் பாடுவார்கள், கூட்டம் சேர்ந்து பாடும். அசையாமல் உட்கார்ந்து ராகத்தை மட்டும் ரசிப்பதற்கும் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கமும் ஓய்வும் வேண்டுமே.

இதோடு 'களம்' என்பதையும் சேர்த்துத்தான் நடத்துவார். பூட்டுக்கடை முதலாளியின் பளபளச் சட்டை கடைவீதியில் மதிப்பு. எங்கள் ஆசிரியர் அறையில் கேலி. எங்கள் வெளிர்நிறக் கைத்தறி அங்கே போனால் வெறும் பஞ்சக் கோலம். ஒவ்வொரு களத்திலும் ஒரு பந்தயம், அங்கே செல்லுகிற சொத்தும் வேறு. "நம்மகிட்ட பணம் கம்மி, படிப்பு இருக்கு. அதான் எளிமையை மெடலாக் குத்திக்கிறோம்" என்று எங்களையே வாரிவிடுவார். இந்த ஊறல் தலையெழுத்து அல்ல, புதுக் களத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாறும், ஆனால் முதல் ஊறல் லேசில் போகாது என்றும் சொல்வார்.

அந்தப் பாடம் அவர் வீட்டுக்குள்ளேயே வந்தது. ஒரே மகள் நஸ்ரினைச் சிறு வயதிலேயே கொடைக்கானல் விடுதிப் பள்ளியில் சேர்த்தார். அவள் படித்து, சென்னையில் வேலைக்குப் போய், அங்கேயே திருமணமும் நிச்சயமானது. மண்டபத்தில் மெல்லிய வயலின் போதும், தப்ஸ் வேண்டாம் என்றார் மகள். எல்லோரும் வெளிர்நிறத்தில் உடுத்த வேண்டும். நாலு பேர் ஒரே பெரிய தட்டில் கூடி உண்ணும் சஹன் கூடாது, தனித்தனித் தட்டு. சார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஹனீபா அண்ணன் கல்யாணத்துக்கு வரவில்லை. கால் வலி என்றார். யாரும் அவரை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. அது தனக்கான இடமில்லை என்று அவரே ஒதுங்கிக்கொண்டார். கதவை யாரும் சாத்த வேண்டியதில்லை, வாசலைப் பார்த்தே ஆட்கள் திரும்பிவிடுவார்கள் என்று வகுப்பில் எத்தனையோ முறை நடத்திய சார், அன்று அதைத் தாங்க மாட்டாமல் என்னெதிரே அழுதார்.

"அவ மேல தப்பில்ல மேடம். அந்தப் பள்ளிக்கூடத்துல ஊற வச்சது நான்தான். எங்கண்ணனும் எம்மகளும் ஒரு சஹன்ல உக்காந்து சாப்பிடுறதை ஒருதடவை பாத்துட்டேன்னா போதும்."

அதன்பின் நஸ்ரின் ஊருக்கு வந்தபோதெல்லாம் அண்ணனுக்கு ஏதாவது வேலை இருந்தது.

சார் இறந்த மூன்றாம் நாள், துஆ பிரார்த்தனை முடிந்து நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். உள்ளறையில் சஹன் வைத்தார்கள். ஹனீபா அண்ணனும் அவர் மனைவியும் மகனும் உட்கார்ந்தார்கள். அழுது வீங்கிய முகத்தோடு நஸ்ரின் தானாகவே வந்து பெரியப்பாவின் பக்கத்தில் அமர்ந்தார். மற்றவர்கள் பிசைந்து உண்ணத் தொடங்கினார்கள். நஸ்ரினின் கை சோற்றருகே வரை போய் நின்றுவிட்டது. திரும்பவும் நீட்டினார். கை மட்டும் போகவில்லை.

அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். முகத்தில் துளிக் கோபமில்லை. "பிள்ளைக்குத் தனித்தட்டு கொண்டாங்கம்மா" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

"வேணாம் பெரியத்தா, நான் சாப்பிடுறேன்" என்ற நஸ்ரின், முடியாமல் உடைந்து அழுதார்.

அண்ணன் யார் கையும் படாத ஓரத்திலிருந்து சோறும் நல்ல துண்டாக ஒரு கறியும் எடுத்து உள்ளிருந்து வந்த தனித்தட்டில் வைத்தார். பிறகு தன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, தம்பி மகளின் தலையைத் தடவினார்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார் நஸ்ரின். "ஆசையாத்தான் உக்காந்தேன் மேடம். கை ஏன் போகல? அத்தா இருந்தா சொல்லியிருப்பாங்க."

காலம் முழுக்க நானும் நடத்திய பாடம்தான் அது. அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழத்தான் முடிந்தது. சார், உங்கள் அண்ணனும் மகளும் ஒருவரையொருவர் வெறுக்கவில்லை. அதை மட்டும் பார்த்துவிட்டேன், நிம்மதியாகப் போய் வாருங்கள்.