பதினைந்து பூஜ்யங்களும் ஒரு பூஜ்யமும்

விடைத்தாள் திருத்துவதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கணக்கின் கடைசி வரியைத்தான் முதலில் பார்ப்பேன். விடை சரியாக இருந்தால் மேலே இருப்பவற்றை மேய்ந்துவிட்டு முழு மதிப்பெண். தவறாக இருந்தால்தான் நிதானமாகப் படிப்பேன். நியாயம் இதற்கு நேர்மாறானது என்று தெரியும். ஆனால் ஒரு நாளைக்கு முப்பது தாள் திருத்தச் சொல்லிவிட்டு நியாயம் பேசினால் எப்படி?

காலாப்பட்டுப் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கல்லூரி ஒன்றில் படச் செயலாக்கம் என்ற கணினிப் பாடம் நடத்துகிறேன். எங்கள் கல்லூரியில் நாங்கள் நடத்திய பாடத்துக்கு நாங்களே கேள்வி எடுத்து, நாங்களே திருத்துவோம். பெயர், பதிவெண் உள்ள பகுதியைக் கிழித்து எடுத்துவிட்டு வேறொரு எண் போட்டுத் தருவார்கள். யார் எழுதியது என்று தெரியாது. கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்பார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் தேர்வில் மட்டும்தான் பேனாவைத் தொடுகிறார்கள், யாருடைய கையெழுத்து எனக்குத் தெரியும்?

அன்று திருத்தியது கடைசி செமஸ்டர் தாள். இதில் தவறினால் பட்டம் கைக்கு வர இன்னும் ஓராண்டு. வேலைக்கு ஆணை வாங்கி வைத்திருந்தால் அதுவும் போகும். தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும்.

கேள்விகளில் ஒன்று பதினைந்து மதிப்பெண் கணக்கு. ஒரு படத்தைச் சுருக்கிச் சேமிக்கும்போது, அதை எட்டுக்கு எட்டு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் அறுபத்து நான்கு எண்களாக மாற்றுவார்கள். மேல் இடது மூலையில் பெரிய எண்கள், கீழ் வலது மூலையை நோக்கிப் போகப் போகச் சின்ன எண்கள். ஒவ்வொன்றையும் அதற்கென்று ஓர் அட்டவணையில் உள்ள எண்ணால் வகுத்து, அருகிலுள்ள முழு எண்ணாக்க வேண்டும். பெரும்பாலானவை பூஜ்யமாகிவிடும். பிறகு மூலையிலிருந்து வளைந்து வளைந்து குறுக்காக நடந்து எல்லா எண்களையும் ஒரே வரிசையாக்கி, பூஜ்யங்களை எழுதாமல் எண்ணிக்கையாக மட்டும் குறிக்க வேண்டும். ஒவ்வொரு சோடியிலும் முதலில், முன்னால் எத்தனை பூஜ்யம் என்பது. அடுத்து அந்த எண். அதற்கப்புறம் பூஜ்யம்தான் என்றால், இஓபி என்று எழுதிக் கட்டத்தை முடித்துவிடலாம். கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் செய்வதை நாங்கள் பிள்ளைகளை அரை மணி நேரம் கையால் செய்யவைப்போம். கையால் ஒரு தடவை செய்தவர்களுக்குத்தான் அது புரியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த அறுபத்து நான்கு எண்களையும் நான்தான் எழுதினேன், பேருந்தில் வரும்போது. மேல் மூலையைக் கவனமாகப் போட்டேன். மற்ற இடங்களில் வாய்க்கு வந்த சின்ன எண்களை நிரப்பினேன். விடைக்குறிப்பும் என்னுடையதே. முதல் எண் 240, பதினாறால் வகுத்தால் 15. முதல் எண்ணை மட்டும் முந்தைய கட்டத்தின் முதல் எண்ணோடு உள்ள வித்தியாசமாக எழுத வேண்டும்; அது 12 என்று கொடுத்திருந்ததால் 3. அதன் பிறகு (0,-3), (0,2), (1,-1), (0,1), (0,1), இஓபி. அழகாக ஒரே வரியில் முடியும் விடை.

அன்று எனக்குத் தந்த தாள்கட்டில் முப்பது தாள்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்தொன்பதாவது தாளை எடுத்தேன். கடைசி வரி நீளமாக இருந்தது. என் விடை அத்தனையும் அப்படியே இருந்தது. ஆனால் இஓபிக்கு முன்னால் (15,0), (1,-1) என்று இரண்டு சோடிகள் கூடுதலாக. விடைக்குறிப்பில் இல்லை. சிவப்பில் அடித்தேன். முழு எண்ணாக்கிய கட்டத்திலும் எங்கோ ஒரு -1 கண்ணில் பட்டது, அதையும் சுழித்தேன். பதினைந்துக்கு ஆறு. தாளின் மொத்தம் நாற்பத்து மூன்று. பாவம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த தாளை எடுத்தேன்.

அடுத்த தாளில் மனம் செல்லவில்லை. அந்த (15,0) உறுத்தியது.

சோடியில் இரண்டாவதாகப் பூஜ்யம் வரவே கூடாது. பூஜ்யங்களை எழுதாமல் விடத்தானே சோடியே போடுகிறோம்? ஒரே ஓர் இடத்தில்தான் வரலாம். பூஜ்யங்களின் எண்ணிக்கைக்கு நான்கு பிட் மட்டுமே இடம். பதினைந்துக்கு மேல் எழுத முடியாது. பதினாறோ அதற்கு மேலோ பூஜ்யங்கள் வந்து, அதற்கப்புறமும் ஓர் எண் மிச்சமிருந்தால், (15,0) என்று எழுத வேண்டும். பதினைந்து பூஜ்யம், கூடவே ஒரு பூஜ்யம், ஆக பதினாறு. இதை வகுப்பில் ஒரு முறை சொல்லியிருப்பேன். தேர்வில் கேட்டதே இல்லை. தப்பாகப் போடுகிறவர்கள் எண்ணிக்கையைத் தப்பாக எழுதுவார்கள், வழி தவறி நடப்பார்கள். இப்படிப்பட்ட தப்பை யாரும் மெனக்கெட்டுச் செய்ய மாட்டார்கள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த சக ஆசிரியையிடம் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"ஆன்சர் கீல இருக்கா?"

"இல்ல."

"அப்பறம் இன்னா மேடம், அடிச்சிட்டுப் போங்க. நாலு மணிக்குள்ள கட்டு குடுக்கணும்."

நான் பத்தொன்பதாவது தாளையே மறுபடி எடுத்தேன். பென்சிலால் எட்டுக்கு எட்டு கட்டம் போட்டு, அதன் ஒவ்வொரு சிறு கட்டத்தின் மூலையிலும் பூஜ்யம் முதல் அறுபத்து மூன்று வரை நடக்கும் வரிசையைப் பொடி எழுத்தில் குறித்திருந்தது. இருபத்து நான்காம் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். அது நான்காம் வரிசை, நான்காம் கட்டம். ஆறாம் இடத்தில் கடைசி 1. ஏழிலிருந்து இருபத்து மூன்று வரை விரல் விட்டு எண்ணினேன். பதினேழு பூஜ்யங்கள். (15,0) பதினாறைத் தின்றுவிட்டது, மிச்சம் ஒன்று, பிறகு -1. நடை சரி. எண்ணிக்கை சரி. அப்படியானால் அந்த -1 எங்கிருந்து வந்தது?

கேள்வித்தாளைத் தேடி எடுத்தேன். நான்காம் வரிசை, நான்காம் கட்டத்தில் -16. அட்டவணையில் அந்த இடத்தில் 29. பதினாறு இருபத்தொன்பதை விடச் சின்னது, பூஜ்யம்தானே என்று மனம் தன்பாட்டுக்குச் சொன்னது. பிறகுதான் உறைத்தது. இருபத்தொன்பதில் பாதி பதினான்கரை. பதினாறு அதைத் தாண்டிவிட்டது. அருகிலுள்ள முழு எண் பூஜ்யம் இல்லை, -1.

நம்ப மனமில்லாமல் திருப்பியும் பார்த்தேன். -1 என்று வைத்து மறுபடி இருபத்தொன்பதால் பெருக்கினால் -29, உண்மைக்கு 13 தள்ளி நிற்கும். பூஜ்யம் என்று வைத்தால் 16 தள்ளி. -1தான் சரி. நான் போட்ட விடைக்குறிப்புதான் தப்பு.

காதெல்லாம் சூடாகிவிட்டது. கூடவே, சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், ஒரு சந்தோஷமும் வந்தது. பேருந்தில் உட்கார்ந்து நான் யோசிக்காமல் போட்ட ஓர் எண்ணுக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது, அதை ஒரு பிள்ளை தேடிப் பிடித்திருக்கிறது. யார் இது?

சும்மா ஒன்பது மதிப்பெண்ணைக் கூட்டிவிட்டுப் போகலாமா என்றும் யோசித்தேன். முடியாது. தலைமைத் தேர்வாளர் எங்கள் தாள்களில் சிலவற்றை விடைக்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பார். இது அவர் கையில் சிக்கினால் பழையபடி நாற்பத்து மூன்றாகிவிடும். தவிர, அடித்ததைத் திருத்த அவருடைய பச்சைக் கையெழுத்து வேண்டும்.

போவதற்கு முன் மீதித் தாள்களையும் திருத்தி முடித்தேன். முப்பதில் இருபத்தேழு பேர் அந்தக் கணக்கை எழுதியிருந்தார்கள். இருபத்தாறு பேர் அந்த இடத்தில் பூஜ்யம் போட்டிருந்தார்கள்.

தலைமைத் தேர்வாளர் ஓய்வுக்கு இரண்டு ஆண்டு மிச்சமுள்ள மனிதர். குரலை உயர்த்திப் பார்த்ததில்லை. தாளை அவர் முன்னால் விரித்து, கட்டத்தைக் காட்டினேன். கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தார். 0.55 என்று வந்தது.

"கீ யாரு போட்டது?"

"நான்தான் சார்."

"மத்தவங்க?"

"இருபத்தாறு பேரு சைபர் போட்டிருக்காங்க. அந்த எடத்துக்கு ஃபுல் மார்க் குடுத்துட்டேன். ஒரு எடத்துல தப்பு, ரெண்டு மார்க் கொறைக்கணும். கொறைச்சா மூணு பேரு அம்பதுக்குக் கீழ போறாங்க."

அந்த மூன்று பேரையும் நான் எண்ணி வைத்திருந்தேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் பச்சைப் பேனாவின் மூடியைக் கழற்றினார். "கீய நம்பி போட்ட மார்க்க நாம எடுக்க வேணாம். இதுக்கு ஏத்திடுங்க. கீல தப்பு வந்திடுச்சுன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க, ஃபைல்ல வெச்சிடறேன்."

ஆறை அடித்துப் பதினைந்து என்று எழுதினேன். நாற்பத்து மூன்றை அடித்து ஐம்பத்திரண்டு. பக்கத்தில் நான் சிவப்பில் கையெழுத்திட, அவர் பச்சையில் இட்டார். அப்பாடா என்றிருந்தது. முகம் தெரியாத அந்தப் பிள்ளை தேறிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து கடிதமும் எழுதிக் கொடுத்தேன். தவறு முழுவதும் என்னுடையது என்று தெளிவாகவே எழுதினேன்.

அவர் கடிதத்தை மடிக்கவில்லை. கட்டிலிருந்து இரண்டு மூன்று தாள்களை உருவி, அந்தக் கணக்கை வரிசையாகப் பார்த்தார். முகம் மாறியது.

"இருபத்தாறு பேருக்கும் ஒரே எடத்துல ஒரே தப்பா? ஓரத்துல கூட ஒரே மாதிரி எழுதியிருக்காங்க பாருங்க. காப்பி போயிருக்கா? அப்பிடின்னா இந்தப் பேப்பர் கட்ட நான் நிறுத்தி வெக்கணும்."

குனிந்து பார்த்தேன். நான் திருத்தும்போது கடைசி வரிக்கு மேலே மேய்ந்துவிட்டுப் போன இடம் அது. ஒவ்வொரு தாளிலும் கட்டத்துக்குப் பக்கத்தில் 16 < 29, எனவே 0 என்று இருந்தது. கீழ் மூலையை நோக்கிப் போகும்போது வகுத்து நேரத்தை வீணாக்காதீர்கள், வகுக்கிற எண்ணை விடச் சின்னதா, கண்ணை மூடிக்கொண்டு பூஜ்யம் போடுங்கள் என்று ஆண்டுதோறும் கரும்பலகை முன்னால் நின்று சொன்ன குரல் எனக்கு நன்றாகத் தெரியும்.

"காப்பி இல்ல சார்," என்றேன். "நான் சொல்லிக் குடுத்தது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பத்தொன்பதாவது தாளைப் பார்த்தார்.

"அப்ப இது?"

"இது என் பேச்ச கேக்கல சார்."

கடிதத்தைத் திரும்ப வாங்கி, அடியில் இன்னும் ஒரு வரி சேர்த்தேன்.