எடைக்கு ஒரு மார்க்

மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு ‘நிரந்தர நோயாளி’ என்று பெயர். துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். கடையை இழுத்து மூடியதும், கல்லூரி ஆபீசில் வேலை பார்க்கும் நாத்தனார் மகள்தான் இங்கே கொண்டுவந்து சேர்த்தாள். மாணவர்களின் செய்முறைத் தேர்வில் நோயாளியாக நடிக்க வேண்டும். ஒன்பது வருடத்தில் அவளுக்கு வராத நோயில்லை. சென்ற மாதம் மாரடைப்பு. இந்த வாரம் ஊட்டச்சத்துக் குறைவு.

“நெஞ்சுவலின்னா கொஞ்சம் முனகவாவது செய்யலாம். இது சும்மா உக்காந்து சோறு இறங்கலன்னு சொல்ற வேலை,” என்று கணவனிடம் அலுத்துக்கொண்டாள்.

இந்தத் தேர்வின் மதிப்பெண் தாளைத் தயாரித்த பேராசிரியரே மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இருபது கட்டம், இருபது மார்க், பன்னிரண்டு வாங்கினால் பாஸ். பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டால் ஒன்று. பசி எப்படி என்றால் ஒன்று. எடை குறைந்ததா, மெல்ல விழுங்க முடிகிறதா, நேற்று முழுக்க என்ன சாப்பிட்டீர்கள், வீட்டில் சமைப்பது யார், மாத்திரை, குடிப்பழக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கட்டம். கேட்டால் டிக். பதிலைக் கேட்டானா என்று பார்க்க ஒரு கட்டம்கூடக் கிடையாது. அவள் சொல்ல வேண்டிய பதில்கள் அவளுடைய தாளில் மட்டும் இருந்தன. பேராசிரியருக்கு அவை தேவைப்படவும் இல்லை.

காலையில் முதலில் வந்தவன் மூச்சு விடாமல் ஒப்பித்தான். “எடை குறைஞ்சிருக்கா?”

“ஆறு மாசத்துல எட்டு கிலோ, டாக்டர்.”

“ரொம்ப நல்லது. குடிப்பீங்களா?”

கருமம், எட்டு கிலோ போனது உனக்கு நல்லதா என்று அவள் வாய்வரை வந்தது. பேராசிரியர் குனிந்த தலை நிமிராமல் டிக் போட்டுக்கொண்டிருந்தார். அவனுக்குப் பத்தொன்பது மார்க்.

பதினேழாவதாக ஒரு பெண் வந்தாள். அறிமுகம் செய்ய மறந்தாள். மாத்திரை, குடிப்பழக்கம் என்று இன்னும் பல கட்டங்களையும் மறந்தாள். ஆனால் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, “நேத்து காலைல எழுந்ததும் முதல்ல என்னம்மா சாப்ட்டீங்க?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். டீ என்றதும், கூட என்ன என்றாள். ஒன்றுமில்லை என்றதும், மத்தியானம் வரைக்குமா என்றாள். அப்படியே ராத்திரிவரை கூட்டிப்போனாள். பிறகு நோயாளியின் கையையே பார்த்தாள்.

“மோதிரத்துல நூல் சுத்தியிருக்கீங்களே. லூசாயிடுச்சாம்மா?”

“ஆமா டாக்டர். மூணு மாசமா கழண்டு கழண்டு விழுது,” என்றாள் அவள். தாளில் இல்லாத பதில் அது. பாழாய்ப்போன வாய் தானாகச் சொல்லிவிட்டது.

எட்டு நிமிடம் முடிந்து மணி அடித்தது. பெண் வெளியே போனாள். பேராசிரியர் கூட்டிப் பார்த்தார்.

“பதினொண்ணு. போன தடவையும் இங்கதான் கோட்டை விட்டா. ஒரு வருஷம் போச்சு இவளுக்கு.” இட்லி வெந்துவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னார்.

நோயாளி வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. திறந்தாள். “எடையைக் கேட்டாளே சார்?”

“எங்க கேட்டா? எடைங்கிற வார்த்தையே வரல.”

“மோதிரம் லூசாச்சான்னா வேற எதுக்கு சார் கேப்பாங்க? விரல் பெருத்துடுச்சான்னு விசாரிக்கவா?”

அவர் முகம் சிவந்தது. “உங்க ஸ்கிரிப்ட்ல மோதிரமே கிடையாது. நீங்களா சேர்த்து விடுறீங்க. நாளையிலிருந்து வேற ஆளைப் போடச் சொல்லணுமா?”

வேலைக்கே வேட்டு வைக்கிறான் மனுஷன். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

“ஸ்கிரிப்ட்ல இல்ல சார், என் விரல்ல இருக்கு. உங்க தாளைத் திருப்பிப் பாருங்க. பயிற்சி அன்னைக்கு எங்களுக்கும் ஒண்ணு குடுத்தீங்க.”

திருப்பினார். பின்பக்கம் அவருடைய கையெழுத்துக்கு மேலேயே அச்சாகியிருந்தது: எடையை நேராகக் கேட்காமல் உடை, பெல்ட், மோதிரம் தளர்ந்ததா என்று கேட்டாலும் மதிப்பெண் தரலாம்.

தானே எழுதியதை இரண்டு முறை படித்தார்.

“அதான், நீங்க கவனிக்கிறீங்களான்னு பார்த்தேன்,” என்று சொல்லிக்கொண்டே எடைக்கு நேராக டிக் போட்டார். பன்னிரண்டு. கூச்சநாச்சம் இல்லாத ஜென்மம் என்று அவள் மனதுக்குள் திட்டினாள். அந்தப் பெண் தப்பித்துவிட்டாள்; அது போதும்.

அடுத்த ஆள் வர இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. பேராசிரியர் பேனாவை மூடித் திறந்தார். அவள் விரலை ஒருமுறை பார்த்தார், நூலையும் பார்த்தார். ஊட்டச்சத்தில் பெரிய படிப்புப் படித்தவர். மூன்று மாதமாக மோதிரம் கழன்று விழுகிற ஒருத்தி எதிரே உட்கார்ந்திருக்கிறாள். ஏன் இளைத்தாய், பசிக்கிறதா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, ஏதாவது கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். மனதுக்குள் பதில்கூடத் தயார் செய்துவிட்டாள்.

மணி அடித்தது. அவர் புதுத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, “நெக்ஸ்ட்,” என்றார்.