பாப்பாவுக்குப் பெயர் ஏற்றிய நாள்

என் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும் வரை நான் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாப்பா என்பேன். கோபம் வந்தால் ஏய் என்பேன். அவளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தி, சொந்தபந்தம் கூடி வைத்த பெயர் இருந்தது. அது என் மாமியாரின் பெயர்.

எங்கள் வகையறாவில் மூத்த பெண்பிள்ளைக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயரைத்தான் வைப்பார்கள். அதே வகையறாவில் மருமகள் மாமியார் பெயரை வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து யோசித்துப் பார்க்க இதுவரை யாருக்கும் நேரம் கிடைத்ததில்லை. பெற்ற தாயின் பெயர் என்பதால் என் வீட்டுக்காரரும் பாப்பா என்பார். அத்தைக்கோ தன் பெயரைத் தானே கூப்பிடக் கூச்சம். ஆக, ஆசை ஆசையாய் வைத்த பெயரை வீட்டில் யாருமே தொடவில்லை.

நானும் அத்தையும் தாயில்பட்டியில் ஒரே பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை பார்த்தோம். அத்தை திரி சொருகுகிற இடத்தில், நான் பேக்கிங்கில். அங்கே இன்னொரு அக்காவுக்கும் அதே பெயர். அவரைக் கூப்பிட வேண்டியிருந்தால் நான் எழுந்து போய்த் தோளைத் தொடுவேன். அத்தை அதைப் பார்த்துச் சிரிப்பார். "என் பேத்திக்கு என் பேருதான்" என்று கம்பெனி முழுக்க அவர் சொல்லி வைத்திருந்தார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் வெளிச்சம் எனக்குத் தெரியும். அதனால்தான் என் ஆசையை நான் எவரிடமும் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையை வாய் நிறையப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. சின்ன ஆசைதான். ஆனால் அத்தையின் சந்தோஷத்தில் கை வைக்காமல் அது நிறைவேறாது.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது டீச்சர் பிறப்புச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறந்த தேதி இருந்தது, எங்கள் இருவர் பெயரும் இருந்தது. குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பிறந்த சில நாளிலேயே ஆஸ்பத்திரியில் பதிவு செய்துவிட்டார்கள். பெயரோ காதுகுத்துக்குத்தான் வைத்தோம். அதன் பிறகு போய்ச் சேர்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. "பிள்ளையச் சேர்த்துக்கிடுறேன். ஆனா பேர ஏத்திக் கொண்டாங்க. பின்னால எல்லாத்துக்கும் இதத்தான் கேப்பாக" என்றார் டீச்சர்.

முதலில் எங்கள் ஊர் வி.ஏ.ஓ.விடம் போனோம். அவர் சான்றிதழைப் பார்த்துவிட்டு, பிள்ளை எங்கே பிறந்ததோ அந்த ஊரில்தான் பதிவு இருக்கும், பெயரையும் அங்கேதான் ஏற்ற முடியும் என்றார். எனக்குத் தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பக்கம். மல்லாங்கிணற்றிலிருந்து விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். சரி, விருதுநகர் நகராட்சிக்கே போவோம் என்று ஒருநாள் லீவு போட்டு, பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். "என் பேரு ஏறுறத நான் பாக்க வேணாமா?" என்று அத்தையும் சலவைச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

விண்ணப்பத்தை என் வீட்டுக்காரர்தான் எழுதினார். எழுதுவதற்குத் தடை இல்லையே. இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஒரு வருஷத்துக்குள் வந்திருந்தால் கட்டணம் இல்லையாம். இப்போது தாமதக் கட்டணம் கட்டச் சொன்னார்கள். ஆதார் நகல் ஒன்று குறைந்தது. அவர் ஜெராக்ஸ் எடுக்க வெளியே போன நேரம் பார்த்து, பிறப்பு இறப்புப் பதிவு பார்க்கிற அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ள பேரச் சொல்லும்மா. எழுத்தச் சரிபார்த்துக்கிடுவோம். ஒருவாட்டி ஏத்திட்டா அப்புறம் வேற பேரு மாத்தித் தர முடியாது."

நான் விண்ணப்பத்தைக் காட்டினேன். "அதுல எழுதியிருக்கு மேடம்."

"எழுதினது தெரியுதும்மா. வாயால சொல்லு."

அத்தை பக்கத்தில் நிற்கிறார். என் வாய் பசை போட்டு ஒட்டின மாதிரி ஆகிவிட்டது. அந்த அம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீதான பெத்த தாயி? பெத்த பிள்ள பேரு தெரியலயா?" பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. வெட்கம் ஒரு பக்கம். இனி மாற்ற முடியாது என்றாரே, அது இன்னொரு பக்கம். காலம் முழுக்க அவள் எனக்குப் பாப்பாதான் என்பது அந்த இடத்தில்தான் உறைத்தது.

அத்தை முன்னால் வந்தார். "அவ சொல்ல மாட்டா மேடம். அது என் பேரு."

"அட, மாமியார் பேரா!" என்று அந்த அம்மா சிரித்தார். "எங்க வீட்டுலயும் இந்தக் கூத்து உண்டு. அப்ப நீங்களே சொல்லுங்க. ஏத்திருவோம்."

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனியில் நான் எழுந்து போய் அந்த அக்காவின் தோளைத் தொடும்போது பார்ப்பாரே, அதே பார்வைதான். ஆனால் இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

"ஏத்தா, இப்ப ஏத்திட்டா கடைசி வரைக்கும் நீ அவளப் பேரு சொல்லிக் கூப்பிடவே மாட்டியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நானும் இம்புட்டு நாளா இத யோசிக்கவே இல்ல பாரு. நீ என்ன பேரு நெனச்சு வச்சிருந்த? சும்மா சொல்லு."

"இல்ல அத்த, அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"பொய் சொல்லாத. வயித்துல சுமக்கையில எவளும் ஒரு பேரு நெனைக்காம இருக்க மாட்டா."

சொன்னேன். அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். அத்தை அதை ஒருமுறை தன் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பி, "வேற பாரம் ஒண்ணு குடுங்க மேடம். பெத்தவ வாயில வராத பேரு பிள்ளைக்கு எதுக்கு?" என்றார்.

ஜெராக்ஸ் எடுத்து வந்த என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஊரைக் கூட்டி வைத்த பெயர், சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று முணுமுணுத்தார். "பேருக்காரி நான். நான் சொல்லிக்கிடுறேன். நீ எழுதுடா" என்றார் அத்தை. புது விண்ணப்பத்தையும் என் வீட்டுக்காரரே எழுதினார். மறுபடியும் இருவரும் கையெழுத்துப் போட்டோம். இந்தத் தடவை அந்த அம்மா கேட்டபோது, பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன்.

ஊர் வந்து சேர்ந்தபோது பாப்பா தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. இன்னொரு தடவை கூப்பிட்டேன். அப்போதும் திரும்பவில்லை. பஸ்ஸில் வந்த களைப்போடு படியில் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்தார். தன் பெயரை வைத்திருக்க வேண்டிய பிள்ளையை, நான் வைத்த பெயரைச் சொல்லி, தெருமுனை வரை கேட்கிற மாதிரி கூப்பிட்டார். "ஏத்தா, ஒன்னயத்தான்! ஒன் அம்மா கூப்பிடுறா, என்னன்னு கேளு!"