எத்தனை கூறு வைப்பது?

பால் பாக்கெட்டை மோந்து பார்த்துத்தான் பிரிப்பேன். பூட்டிய கதவை நாலு படி இறங்கிய பிறகும் திரும்பி ஏறிப்போய் இழுத்துப் பார்ப்பேன். தேனியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு அமைந்தது நல்லதாகப் போயிற்று. வீட்டில் நச்சரிப்பு என்று பெயர் வாங்கிய குணம் அங்கே கவனம் என்று பெயர் வாங்கியது.

தாவரவியல் துறையில் ஓர் அக்கா இருந்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் படித்தார். கம்பம் பள்ளத்தாக்கில் நாற்பது பன்னீர் திராட்சைத் தோட்டங்களுக்குப் போய், தோட்டத்துக்குப் பன்னிரண்டு அளவு எடுத்திருந்தார். குலையின் எடை, நீளம், பழத்தின் எடை, பருமன், இனிப்பு, புளிப்பு, தோலின் கனம் என்று போகும் அந்தப் பட்டியல். ஆய்வேட்டைக் கொடுக்கப் பத்து நாள்தான் இருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, இனிமேல் கிடைக்காது. கணக்குப் பகுதி சரி என்று நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் அதற்காகத்தான் காத்திருந்தார்.

பன்னிரண்டு அளவும் பன்னிரண்டு தனிச் செய்தி சொல்வதில்லை. குலை நீண்டால் எடையும் கூடும். அப்படிச் சேர்ந்து நடப்பவற்றைத் திரட்டி, சில புதிய அளவுகளாக ஆக்குவதுதான் முதன்மைக் கூறு பகுப்பாய்வு. தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கும் வேறுபாட்டில் முதல் கூறு எடுக்க முடிந்த அளவு எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் இரண்டாவது, அதற்கும் மிச்சத்தில் மூன்றாவது. எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் சுருக்கியதற்கே அர்த்தமில்லை. எங்கே நிறுத்துவது என்று பார்க்க ஒவ்வொன்றின் பங்கையும் வரிசையாகப் புள்ளி வைத்துக் கோடு இழுப்போம். ஸ்கிரீ பிளாட் என்று பெயர்; ஸ்கிரீ என்றால் மலையடிச் சரளை. எங்கள் பக்கத்து மலைகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். செங்குத்தாக இறங்கும் பாறை, அடியில் சரிந்து கிடக்கும் சரளைக் கல். பாறையை வைத்துக்கொள், சரளையை விட்டுவிடு, அவ்வளவுதான்.

"மூணு வரும்டி. போன வருஷம் இருபது தோட்டத்துக்குப் போட்டுப் பாத்தப்ப மூணுதான் வந்துச்சு," என்றார் அக்கா.

விடை முதலிலேயே தெரிந்தவர்களைப் பார்த்தால் எனக்கு உள்ளுக்குள் ஒரு மணி அடிக்கும்.

நான் போட்ட படத்தில் மூன்று வரவில்லை. முதல் புள்ளி உச்சியில் நின்றது. மற்ற பதினொன்றும் தரையோடு தரையாகக் கிடந்தன. மொத்த வேறுபாட்டை அளவுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பங்கு என்று வைத்தால், பதினொன்றுக்கு மேல் முதல் கூறே விழுங்கியிருந்தது. ஒன்றை மட்டும் வைத்தால் போதும் என்றது படம். மண்ணில் விளைந்த எதுவும் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. அளவுகளுக்குள் இருக்கும் தொடர்பைப் பார்த்தேன். எல்லாம் எல்லாவற்றோடும் சேர்ந்து ஏறின. இனிப்பு ஏற ஏறப் புளிப்பும் ஏறியது. பழுக்கப் பழுக்கப் புளிப்பு இறங்கும் என்பது திராட்சை தின்ற எல்லோருக்கும் தெரியும்.

போன வருஷத்துக்குப் பிறகு புதிதாகச் சேர்ந்த இருபது தோட்டத்துக்கு அக்கா போகவேயில்லை, வீட்டில் உட்கார்ந்து எண்களை எழுதியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். தாவரவியல் படித்தவர் பொய் எழுதினாலும் இனிப்பு புளிப்பில் கோட்டை விடுவாரா என்று ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்தது. அவசரத்தில் விட்டிருப்பார் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். சந்தேகம் வந்துவிட்டால் என் மூளை வக்கீலாகிவிடும்.

நேரே கேட்க வாய் வரவில்லை. இன்று மின்சாரம் இல்லை, நாளை விடைத்தாள் திருத்த வேண்டும் என்று நாலு நாள் கடத்தினேன். அவரும் நம்பினார். ஐந்தாம் நாள், தோட்டங்களைப் பார்த்தால் படத்தை விளக்க வசதியாக இருக்கும் என்றேன். கையோடு பிடிக்க வேண்டும் என்பதுதான் உள்ளே இருந்த நினைப்பு. அக்காவுக்கு ஒரே சந்தோஷம். எந்தத் தோட்டம் என்று கேட்டார். நாற்பதாவது என்றேன். கடைசியில் சேர்த்தது பொய்யாக இருக்கத்தானே வாய்ப்பு அதிகம்.

கூடலூர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, அவர் மடியில் கள நோட்டை வைத்துக்கொண்டு தூங்கினார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

தோட்டக்காரர் பந்தலுக்கு அடியில் நின்று மருந்து கலந்துகொண்டிருந்தார். அக்கா தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனதும், "இவங்க இங்க வந்திருக்காங்களா?" என்று மெல்லக் கேட்டேன்.

"டீச்சரா? மூணு தடவ வந்தாக. ஒரு நா மழைல நனைஞ்சுக்கிட்டே அங்கன நின்னு குலைய எண்ணுனாக. உள்ள வாங்கன்னு சொன்னாலும் கேக்கல."

ஆளையும் தயார் செய்து வைத்திருக்கிறார் என்றுதான் அப்போதும் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். தொங்கியதெல்லாம் குட்டிக் குட்டிக் குலைகள். என் போனில் இருந்த அட்டவணையில் நாற்பதாம் தோட்டத்துக்குத்தான் பன்னிரண்டு அளவும் ஆகப் பெரியவை. மாட்டினார் என்று எனக்குள் ஒரு குதூகலம். அதை இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

திரும்பி வந்தவரிடம் போனை நீட்டினேன். "அக்கா, இந்தக் குலையா எல்லாத்திலயும் பெருசு?"

அவர் போனைப் பார்த்தார், நோட்டைப் புரட்டினார். நோட்டில் நாற்பதாம் தோட்டத்துக்குச் சின்னக் குலை, நல்ல இனிப்பு, குறைந்த புளிப்பு என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. பிறகு போனில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். ஒவ்வொரு பத்தியும் சின்னதில் தொடங்கிப் பெரியதில் முடிந்தது. தோட்டத்தின் வரிசை எண் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது.

"இத யாருடி இப்படி அடுக்குனது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. யார் தரவு கொடுத்தாலும் முதலில் நான் ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியாக ஏறுவரிசையில் அடுக்கி, தட்டச்சுப் பிழையாக அசாத்திய எண் ஏதும் நுழைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். பார்த்துவிட்டு, சேமிக்காமல் மூடிவிடுவேன். என் கம்ப்யூட்டரில் அது சரி. அக்கா கொடுத்ததோ இணையத்தில் பகிர்ந்த ஃபைல். சேமிக்கவா என்று அது யாரையும் கேட்பதில்லை, தானே சேமித்துக்கொள்ளும். ஒரு தோட்டத்தின் எடை, இன்னொன்றின் இனிப்பு, வேறொன்றின் புளிப்பு என்று நானே வரிக்கு வரி பிய்த்துச் சேர்த்திருக்கிறேன். எல்லாப் பத்தியும் சேர்ந்து ஏறினால் ஒரே கூறு விழுங்காமல் என்ன செய்யும்? ஃபைலின் மாற்ற வரலாற்றைத் திறந்தேன். கடைசியாகப் பன்னிரண்டு மாற்றம், பன்னிரண்டிலும் என் பெயர். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள்.

அக்கா நோட்டை மூடினார். பிறகு, "அதான் நாலு நாளா இழுத்தியா? நான் பொய் எழுதியிருப்பேன்னா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

தேனிக்குத் திரும்பியதும் பழைய நிலைக்கு ஃபைலை மீட்டேன். அவர் அது போதாது என்றார். நோட்டிலிருந்து நாற்பது வரியையும் வாசித்தார், நான் திரையில் சரிபார்த்தேன். பிறகு படம் போட்டேன். மூன்று புள்ளி செங்குத்தாக இறங்கி, நாலாவதிலிருந்து சரளை. ஆனால் நாலாவதின் பங்கும் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலேயே நின்றது. ஓர் அளவின் பங்கான ஒன்றுக்கு மேல் இருப்பதையெல்லாம் வைத்துக்கொள் என்று ஒரு விதி உண்டு. அதன்படி பார்த்தால் நாலு.

"மூணு போதும்க்கா," என்றேன்.

"நீ சொன்னாப் போதாது. ஏன்னு காட்டு."

பத்திகளைத் தனித்தனியாகக் கலைத்துப் போட்டு, இந்தத் தடவை நகலில், அதே கணக்கை ஆயிரம் முறை ஓட்டினேன். தொடர்பே இல்லாத எண்களில் தற்செயலாகவே நாலாவது கூறுக்கு எவ்வளவு வரும் என்று பார்ப்பதற்கு. அவருடைய நாலாவது அந்தத் தற்செயல் அளவுக்குக் கீழே கிடந்தது. முதல் மூன்றும் மேலே நின்றன. அவர் நாற்காலியை நெருக்கிப் போட்டு, நான் தட்டிய ஒவ்வொரு வரியையும் படித்தார். என் மேல் சந்தேகப்பட்டுத்தான் படிக்கிறார் என்று தெரிந்தது. வலித்தது.

தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கி நோட்டுக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: "மதுரைல ஒருத்தர்ட்ட இதையே இன்னொரு வாட்டி பாக்கச் சொல்லிருக்கேன். தப்பா நினைச்சுக்காத."

இல்லக்கா என்றேன். அவர் போன பிறகும் நெடுநேரம் கணினியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.